அண்ணன் அனுப்பிய பணமும் வங்கி கேட்கிற நோக்கமும்

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அன்பளிப்பாகப் பணம் அனுப்புகிறார். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று வங்கிக்குப் போகிறோம். "இந்தப் பணம் எதுக்கு வந்தது, அனுப்பினவருக்கு எப்படி வந்ததுன்னு எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். நம்ம ஆட்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். தப்பு செய்தவன் மாதிரி கூனிக் குறுகி நிற்பார்கள், இல்லைன்னா வாயில் வந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

ஊரில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்திருக்கு. மின் இணைப்பு, பட்டா, முதியோர் பென்ஷன் என்று எல்லாம் எழுதியாச்சு. போன வருஷம் ஆவணியில் இந்த அன்பளிப்பு விவகாரமும் வந்தது. வந்தவர் என் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர். ரெண்டு ஏக்கர் மணிலாவும் சவுக்கும் வெச்சிருக்கார். அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருபது வருஷமா வேலை பார்க்கிறார். இவர் நிலத்தை ஒட்டி நாற்பது சென்ட் விலைக்கு வந்தது. அண்ணன் ரெண்டு தவணையா ஒன்பது லட்சம் அனுப்பினார், முதலில் ஐந்து, பத்து நாள் கழித்து நாலு. கணக்கு எழுதுகிறவர், "இது வெளிநாட்டிலிருந்து வந்த அன்பளிப்புன்னு வங்கியில் ஒரு சான்று வாங்கி வெச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கார். அது சரியான யோசனைதான்.

வங்கியில் என்ன நடந்தது என்பதற்கு முன்னால் அந்தச் சான்றிதழ் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று பார்த்துவிடலாம். அதன் பெயர் ஃபாரின் இன்வார்ட் ரெமிட்டன்ஸ் சர்டிபிகேட். இப்போது பல வங்கிகள் இதையே 'அட்வைஸ்' என்ற பெயரில் கொடுக்கின்றன. அனுப்பியவர் பெயர், வாங்கியவர் பெயர், எத்தனை வெளிநாட்டுப் பணம், என்ன விலைக்கு ரூபாயாக மாறியது, தேதி, நோக்கக் குறியீடு, இவ்வளவுதான் அதில் இருக்கும். அனுப்பியவர் உங்களுக்கு என்ன உறவு என்று அது சொல்லாது. அந்தப் பணம் அவருடைய சம்பளமா, கடனா, வேறொருத்தர் கொடுத்து விட்டதா என்றும் சொல்லாது. பணம் கடல் தாண்டி முறையான வழியில் வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. இந்த ஒரு காகிதம் இருந்தால் எல்லாக் கேள்வியும் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அடங்காது. உறவுக்கும் பணத்தின் ஊற்றுக்கும் தனிக் காகிதம் வேண்டும்.

திண்டிவனத்தில் அவர் கணக்கு வைத்திருக்கிற கிளையில் முதல் பதில், "நாங்க தர முடியாது". எரிச்சலோடு திரும்பி வந்தார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். ரெண்டு வரவும் என்.இ.எஃப்.டி. என்று இருந்தது. கிளையில் சொன்னது நியாயம்தான். சிங்கப்பூரில் செல்போன் செயலியிலோ பணம் அனுப்பும் கடையிலோ கட்டுகிற டாலர் நேராக நம்ம ஊர்க் கிளைக்கு வருவதில்லை. அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் ஒரு வங்கியோடு ஏற்பாடு இருக்கும். வெளிநாட்டுப் பணம் அந்த வங்கியில்தான் இறங்குகிறது. அங்கே ரூபாயாக மாறி, பிறகு உள்ளூர் பணம் மாதிரி நம்ம கணக்குக்கு வருகிறது. திண்டிவனம் கிளை கண்ணால் பார்த்தது ரூபாயை மட்டும்தான். பார்க்காத டாலருக்கு அவர்கள் எப்படிச் சான்று கொடுப்பார்கள்?

அதனால் டாலர் எந்த வங்கியில் இறங்கியது என்று முதலில் தெரியணும். என்.இ.எஃப்.டி. வரவாக இருந்தால் பாஸ்புக்கில் ஒரு நீளமான எண் இருக்கும். அதன் முதல் நாலு எழுத்து பெரும்பாலும் அனுப்பிய வங்கியின் குறி, ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணின் தொடக்கத்தில் வருகிற அதே நாலு எழுத்து. ஐ.எம்.பி.எஸ். வழியாக வந்திருந்தால் வெறும் பன்னிரண்டு இலக்கம்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்போது அனுப்பினவர்தான் அந்தக் கம்பெனியிடம் ரசீது எண்ணைச் சொல்லி, "இந்தியாவில் எந்த வங்கி, சான்றை வாங்கித் தாருங்கள்" என்று கேட்கணும். எப்படி வந்திருந்தாலும் அவரே கேட்பதுதான் சுலபம். இவர் விஷயத்திலும் அப்படித்தான் செய்தோம். அங்கிருந்து கேட்டதும் மின்னஞ்சலில் ரெண்டு சான்றும் வந்துவிட்டது. அங்கிருக்கிற வங்கியிலிருந்து நேராக இங்கிருக்கிற வங்கிக்கு ஸ்விஃப்ட் முறையில் வந்த பணமாக இருந்தால் இந்தச் சுற்று வேண்டாம், உங்கள் வங்கியே கொடுக்கும். அதற்குச் சில வங்கிகள் கட்டணம் பிடிப்பார்கள்.

வந்த ரெண்டு சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோக்கக் குறியீடு வேற வேற. ஐந்து லட்சத்துக்கு P1301, நாலு லட்சத்துக்கு P1302. முதலாவது, வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்புவது. ரெண்டாவதுதான் தனிநபர் அன்பளிப்பு. இதை வங்கி தானாகப் போடவில்லை. பணம் அனுப்பும்போது 'எதற்காக' என்று செயலி கேட்கிறது, விரல் முதலில் எதைத் தொட்டதோ அது சான்றில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் தடவை குடும்பச் செலவு என்று தட்டியிருக்கார், ரெண்டாம் தடவை அன்பளிப்பு. ஒரே மனுஷன், ஒரே காரியம்.

இதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. வருமான வரிக்காரர் இந்தக் குறியீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் அன்பளிப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிற கடிதமும் குடும்பச் செலவு என்கிற சான்றும் ஒரே கோப்பில் இருந்தால் யாராவது ஒருநாள் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாக, "ரெண்டு தொகையும் நான் அன்பளிப்பாகக் கொடுத்தவை, முதல் தொகைக்கு நோக்கம் குடும்பச் செலவு என்று பதிவாகியிருக்கிறது" என்று அனுப்பினவர் கையெழுத்துப் போட்ட ஒரு வரி போதும். பணம் அனுப்புகிற அன்றைக்கே, "அன்பளிப்புன்னு போடுப்பா" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதுகூட வேண்டியிருக்காது.

நோக்கம் என்கிற வார்த்தையிலேயே இன்னொரு சிக்கல் இருக்கு. நம்ம ஆள் முதலில் எழுதி எடுத்து வந்த மனுவில் "நோக்கம்: நிலம் வாங்க" என்று இருந்தது. பொய் இல்லைதான். ஆனால் வங்கி கேட்பது, பணம் எந்த வகையில் எல்லை தாண்டியது என்று: அன்பளிப்பா, குடும்பச் செலவா, வியாபாரமா, முதலீடா. வந்த பிறகு நீங்கள் அதை வைத்து நிலம் வாங்குகிறீர்களா, போர் போடுகிறீர்களா என்பது அடுத்த சங்கதி. "நிலம் வாங்க" என்று நோக்கத்தில் எழுதினால், வெளிநாட்டில் இருக்கிறவர் இங்கே நிலத்தில் பணம் போடுகிறார் என்று படிக்கிறவர் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், பரம்பரையில் வருகிற கழனி கொல்லையை வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கிரயம் பண்ணக் கூடாது, தானமாகவும் வாங்கக் கூடாது.

அதனால் நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "நிலம் உனக்கா, உன் பேரில் அவருக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் ரிட்டையர் ஆகி வந்தா பாத்துக்கலாம்னு சொன்னாரு" என்றார். நம்ம ஊர்ப் பேச்சில் இது சாதாரண வார்த்தை. சட்டத்தில் இதற்குப் பேர் பினாமி. 1988இல் வந்த சட்டத்தை 2016இல் திருத்தி இறுக்கிவிட்டார்கள். நிலம் பறிமுதல், ஒன்றிலிருந்து ஏழு வருஷம் வரை சிறை, சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம் என்று இருக்கிறது. 'பாத்துக்கலாம்' என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு அன்பளிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அன்று ராத்திரியே சிங்கப்பூருக்குப் போன் போட்டோம். அந்த மனுஷன் தங்கமானவர். "நான் படிக்கிறப்போ அவங்க அப்பாதான் ஃபீஸ் கட்டினாரு. அது அவனுக்குக் கொடுத்ததுதான், எனக்கு நிலம் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன். வேற மாதிரி சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அவங்க அப்பா ஃபீஸ் கட்டினார் என்று சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. இந்த 'அண்ணன்' கூடப் பிறந்த அண்ணன் இல்லை. பெரியப்பா மகன்.

நமக்கு அது ஒன்றுதான். பெரியப்பா மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் அடி விழும். சாவு வாழ்வுக்கு முன்னால் நிற்கிற பங்காளி. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் 'உறவினர்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன் மனைவி, கூடப் பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் கூடப் பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் கூடப் பிறந்தவர்கள், நேர் வழியில் தாத்தா பாட்டி, மகன் மகள், பேரன் பேத்தி, மனைவி வழியிலும் அதே நேர் வழி, இவர்களுடைய கணவன் மனைவி. இவர்கள் எத்தனை லட்சம் கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு வரி இல்லை. பட்டியலில் பெரியப்பா இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார். அவர்கள் மகன் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கிறவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்தால் முழுத் தொகையும் உங்கள் வருமானம். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டது மட்டும் என்று நினைக்காதீர்கள், மொத்தமும். ரெண்டு தவணையாகப் பிரித்ததால் ஒரு லாபமும் இல்லை.

அவர் கம்ப்யூட்டர் கடையில் அடித்து வைத்திருந்த இங்கிலீஷ் மனுவில் அண்ணன் என்பது 'பிரதர்' ஆகியிருந்தது. கடைக்காரப் பையனைக் குறை சொல்ல முடியாது, சொன்னதை அடித்தான். ஆனால் ரெண்டு பேருக்கும் இன்ஷியல் வேற. பாஸ்போர்ட்டில் அப்பா பேர் வேற. ஜெராக்ஸைப் பார்க்கிற எவருக்கும் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். "அப்படியே விட்டுடலாமே, வரி வராதுல்ல" என்றும் ஒருத்தர் யோசனை சொன்னார்.

அந்த யோசனை எவ்வளவு வீண் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ஒன்பது லட்சம் இதர வருமானம். முதல் நாலு லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நாலு லட்சத்துக்கு ஐந்து சதவீதம், 20,000. மிச்சம் ஒரு லட்சத்துக்குப் பத்து சதவீதம், 10,000. ஆக 30,000. ஆனால் மொத்த வருமானம் பன்னிரண்டு லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரைக்கும் வரித் தள்ளுபடி உண்டு. கட்ட வேண்டியது பூஜ்யம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் இந்தக் கணக்கில் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவருக்கு மணிலாவிலும் சவுக்கிலும் ஒன்றரை லட்சம் என்று வைத்தால் 30,000 என்பது 37,500 ஆகிறது, அதுவும் தள்ளுபடிக்குள் அடங்குகிறது. ஒரே வேலை, நாலு லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் பண்ணணும். எந்த வரியைத் தப்பிக்க 'பிரதர்' என்று பொய் எழுத வேண்டுமோ அந்த வரியே இல்லை. பொய் மட்டும் வங்கிக் கோப்பில் நின்றிருக்கும்.

ரிட்டர்ன் போட்டால் பி.எம். கிசான் ஆறாயிரம் நின்றுவிடுமோ என்று அவர் வீட்டம்மாவுக்குக் கவலை. அந்தத் திட்டத்தில் விலக்கி வைத்திருப்பது முந்தைய வருஷம் வருமான வரி கட்டினவர்களை. ரிட்டர்ன் போட்டு வரி பூஜ்யம் என்றால் கட்டினவர் ஆக மாட்டார்.

கடைசியில் அவர் வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் நடுப் பகுதி இப்படி இருந்தது. பெயரும் எண்ணும் எடுத்துவிட்டுத் தருகிறேன், வேண்டியவர்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

"என் சேமிப்புக் கணக்கில் 2025 ஆகஸ்ட் மாதம் இரண்டு தவணையாக வரவான ரூ.9,00,000, சிங்கப்பூரில் பணிபுரியும் என் தந்தையின் உடன்பிறந்த அண்ணன் மகன் எனக்குத் தனிப்பட்ட அன்பளிப்பாக அனுப்பியது. இதைத் திருப்பித் தரும் கடப்பாடு எனக்கு இல்லை. இதற்கு ஈடாக எந்தச் சொத்தோ பங்கோ அவருக்குத் தருவதாக ஒப்பந்தமும் இல்லை. இத்தொகை அவருடைய சம்பளச் சேமிப்பிலிருந்து அனுப்பப்பட்டது. அதற்கான அவரது கடிதமும் வங்கிக் கணக்கு நகலும் இணைத்துள்ளேன். இத்தொகையை என் பெயரில் விவசாய நிலம் கிரயம் பெறப் பயன்படுத்த உள்ளேன். மேற்படி வரவுகள் என் கணக்கில் சேர்ந்த தேதி, தொகை, அனுப்பிய வங்கி ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கிளையின் முத்திரையுடன் ஒரு சான்று தர வேண்டுகிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். டாலருக்கான சான்று வேற வங்கி கொடுத்தாச்சு. நம்ம கிளையிடம் கேட்டது அவர்கள் கண்ணால் பார்த்ததை மட்டும். அதனால் மேனேஜர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். தர முடியாததைக் கேட்டபோது மூணு தடவை அலைந்தார், தர முடிந்ததைக் கேட்டதும் ஒரே நாளில் கிடைத்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த அன்பளிப்புக் கடிதம் வெள்ளைத் தாளில் ஒரு பக்கம். கொடுப்பவர் பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண், உறவு, தொகை, தேதிகள், சம்பளச் சேமிப்பு என்கிற விவரம், கையெழுத்து. பணத்தைக் கொடுத்து வாங்குவதற்கு நிலம் மாதிரிப் பத்திரப் பதிவு வேண்டாம். கூடவே, பணம் கிளம்பிய அவருடைய சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்ட். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணத்தின் ஊற்று என்று கேட்பது இதைத்தான், மாதாமாதம் சம்பளம் ஏறியது, அதிலிருந்து இது போனது என்று ஒரே தாளில் தெரியணும். திடீரென்று யாரோ ஒன்பது லட்சம் போட்டு மறுநாளே அது இங்கே வந்திருந்தால் ஸ்டேட்மென்ட்டே காட்டிக் கொடுக்கும்.

அனுப்புகிறவர் பாண்டிச்சேரிப் பக்கத்து ஆள் மாதிரி பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினவராக இருந்தால் இன்னொரு படி உண்டு. அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. கூடப் பிறந்தவரே கொடுத்தாலும் வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டினால் மூணு மாசத்துக்குள் மத்திய உள்துறைக்குத் தெரிவிக்கணும். 2022க்கு முன்னால் இந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கிறவருக்கு இது பொருந்தாது.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. கேள்வி கேட்பது தப்பில்லை. ஒரு லட்சம் கூடச் சேர்ந்து பார்க்காத கணக்கில் ஒன்பது லட்சம் விழுந்தால் வங்கி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிற படிவத்தில் 'பிரதர்', 'அங்கிள்' என்று ஒற்றை வார்த்தைக்குக் கட்டம் போட்டு வைத்தால் எங்கள் ஆட்கள் என்ன எழுதுவார்கள்? 'அங்கிள்' என்றால் தாய்மாமனா, சித்தப்பாவா, அத்தை புருஷனா, எதிர் வீட்டுக்காரரா? தாலுக்கா ஆபீஸ் வாரிசுச் சான்றில் ஒவ்வொருத்தரையும் என்ன உறவு என்று தமிழில் எழுதுகிறார்கள். வங்கியும் 'உங்கள் தந்தையின் / தாயின் யார்' என்று ஒரு வரி சேர்த்தால் பாதி அலைச்சல் தீரும்.

சட்டப் பட்டியலிலும் ஒரு கோணல் இருக்கு. சித்தி தன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அப்பா அம்மாவின் கூடப் பிறந்தவர் பட்டியலில் இருக்கிறார். அதே அக்கா மகன் சம்பாதித்துச் சித்திக்குத் திருப்பிக் கொடுத்தால் அவர் பட்டியலில் இல்லை. வளர்த்தவர்களுக்குப் பிள்ளைகள் அனுப்புகிற பணம்தான் நம்ம ஊர்களில் அதிகம், அந்தத் திசைக்குத்தான் வழி அடைத்திருக்கு. இப்படி எழுதினவர்கள் எந்த ஊர்க் குடும்பத்தைப் பார்த்து எழுதினார்களோ.

நேற்றுகூட மேலத்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. கத்தாரில் இருக்கிற அக்கா மகன் கண் ஆபரேஷனுக்கும் வீட்டு ஓடு மாற்றவும் மூணு லட்சம் அனுப்பப் போகிறானாம், பணம் இன்னும் கிளம்பவில்லை. மூணு லட்சம் அவங்க வருமானத்தில் சேரும், வேற வருமானம் இல்லாததால் நாலு லட்சத்துக்குள் அடங்கி வரி வராது என்று சொன்னேன். பையனுக்கு மூணு விஷயம் எழுதிக் கொடுத்திருக்கேன்: நோக்கத்தில் அன்பளிப்பு என்று தொடணும், கடிதத்தில் 'தாயின் தங்கை' என்று எழுதணும், ரசீதைப் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பணும்.